முடிவு யார் கையில் இருக்கிறது? மினி சீரிஸ், லிமிடெட் சீரிஸ், ஆந்தாலஜி: மூன்று தொடர் வடிவங்களின் திட்டமும் முடிவும்

1. கேள்வி

ஒரு தொடர் எப்போது முடிகிறது என்பதைக் கதை தீர்மானிக்கிறதா, கதைக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று தீர்மானிக்கிறதா? மினி சீரிஸ், லிமிடெட் சீரிஸ், ஆந்தாலஜி என்ற மூன்று பெயர்களும் இன்று ஓடிடி தளங்களின் அறிவிப்புகளிலும் விமர்சனங்களிலும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே புழங்குகின்றன. மூன்றும் "சின்னத் தொடர்" என்ற ஒரே பொருளைத் தருவதாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொண்டால், ஒரு தொடரின் கடைசி அத்தியாயத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பது தெரியாமல் போய்விடுகிறது.

இந்த மூன்று வடிவங்களையும் பிரிப்பது நீளமல்ல, முடிவு எங்கே உறுதியாகிறது என்பதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து வருகின்றன. இந்த வடிவங்களுக்கு விருது விதிகளும் ஒப்பந்த வழக்கங்களும் வணிகப் பெயர்களும் உருவான இடம் அதுதான். ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் வெளியிட்ட 'ஷோகன்' நாவலை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஒரே நாவல் 1980இல் மினி சீரிஸாகவும் 2024இல் லிமிடெட் சீரிஸாகவும் திரைக்கு வந்திருப்பதால், கதையை மாறாமல் வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க அது இடம் தருகிறது.

2. நிலவும் விளக்கங்கள்

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் அத்தியாய எண்ணிக்கையைச் சார்ந்தது. நான்கைந்து அத்தியாயம் என்றால் மினி சீரிஸ், எட்டு பத்து என்றால் லிமிடெட் சீரிஸ் என்பார்கள். இது நிற்காது. 1977இல் வந்த 'ரூட்ஸ்' எட்டு இரவுகள் ஓடியது. அதை மினி சீரிஸின் உச்சம் என்கிறோம். 2019இல் எச்.பி.ஓ. வெளியிட்ட 'செர்னோபில்' ஐந்தே அத்தியாயம்; அதற்குக் கிடைத்த எம்மி விருது லிமிடெட் சீரிஸ் பிரிவில்.

இரண்டாவது விளக்கம் விருது விதியிலிருந்து வருகிறது. எம்மி விருதை வழங்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி அகாதமியின் வரையறைப்படி, லிமிடெட் சீரிஸ் என்பது இரண்டோ அதற்கு மேலோ அத்தியாயங்களும், மொத்தம் 150 நிமிடங்களுக்குக் குறையாத நீளமும் கொண்டது. முழுமையான ஒரு கதையைச் சொல்ல வேண்டும். கதைச்சரடோ முதன்மைப் பாத்திரங்களோ அடுத்த சீசனில் தொடரக் கூடாது. இந்த வரையறை எண்ணிக்கையை விட்டு முழுமைக்கு வருகிறது என்பதால் முந்தையதைவிட மேலானது. ஆனால் அகாதமியின் சொந்த வரலாறே இந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல என்று காட்டுகிறது. 'ரூட்ஸ்' விருது பெற்றபோது பிரிவின் பெயர் லிமிடெட் சீரிஸ். எண்பதுகளின் நடுவில் அது மினி சீரிஸ் ஆனது. 2011இல் தொலைக்காட்சித் திரைப்படங்களோடு இணைக்கப்பட்டது. 2014இல் மீண்டும் பிரிந்தது. 2015இல் பழைய பெயருக்கே திரும்பியது. 2021இல் ஆந்தாலஜி என்ற சொல்லும் பிரிவின் பெயரில் சேர்ந்துகொண்டது.

ஆகவே பெயர்ப்பலகையை நம்பி வடிவத்தைப் பிரிக்க முடியாது. அகாதமியின் வரையறையில் இன்னொரு குறையும் உண்டு. அடுத்த சீசன் வந்ததா இல்லையா என்பது தொடர் முடிந்த பிறகே தெரியும். எழுதும்போதும் படம்பிடிக்கும்போதும் படைப்பாளி எதை நம்பித் திட்டமிட்டார் என்பதை அந்த விதி கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

3. மினி சீரிஸ்: நாட்காட்டி தரும் முடிவு

மினி சீரிஸ் ஒளிபரப்பு யுகத்தின் குழந்தை. வாரத்தின் ஒவ்வொரு இரவுக்கும் நிரந்தரமாக நிகழ்ச்சிகள் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், அந்த அட்டவணையைச் சில நாட்கள் ஒத்திவைத்துவிட்டு ஒரே கதையை ஓட்டுவதுதான் அதன் அடிப்படை. அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் 1976இல் இர்வின் ஷாவின் நாவலை 'ரிச் மேன், புவர் மேன்' என்று தொடராக்கி வெற்றி கண்டது. அடுத்த ஆண்டு அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' ஜனவரி 23 முதல் 30 வரை எட்டு இரவுகள் தொடர்ச்சியாக ஒளிபரப்பானது. கடைசி இரவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது அன்றைய கணிப்பு.

எட்டு இரவுகளை அடுத்தடுத்து வைத்த முடிவு பற்றி இரண்டு விளக்கங்கள் உள்ளன. நிகழ்ச்சித் தலைவர் ஃபிரெட் சில்வர்மேனின் துணிச்சல் என்பது ஒன்று. அடிமை முறை பற்றிய கதையை வெள்ளையர் பெரும்பான்மை பார்க்காமல் போகலாம் என்ற அச்சத்தால், விளம்பரக் கட்டணத்தை நிர்ணயிக்கும் பிப்ரவரி மாதப் பார்வையாளர் கணக்கெடுப்பு தொடங்குமுன் ஒரே வாரத்தில் ஓட்டி முடித்துவிட நினைத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டில் எது சரியாக இருந்தாலும் நம் கேள்விக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: கதை எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பதை நாட்காட்டி சொன்னது. முடிவு எது என்பதை ஏற்கெனவே அச்சாகியிருந்த நூல் சொன்னது.

1980ஆம் ஆண்டின் 'ஷோகன்' இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. என்.பி.சி. நிறுவனம் செப்டம்பர் 15 முதல் 19 வரை ஐந்து இரவுகளில் அதை ஒளிபரப்பியது. முதல் இரவும் கடைசி இரவும் மூன்று மணி நேரம். நடுவில் மூன்று இரவுகள் இரண்டிரண்டு மணி நேரம். விளம்பரங்களோடு சேர்த்து மொத்தம் 12 மணி. இந்தப் பங்கீடு எழுத்தைக் கட்டுப்படுத்தியது. முதல் மூன்று மணி நேரத்தில் ஆங்கில மாலுமி பிளாக்தார்ன் ஜப்பானியக் கரையில் ஒதுங்கி, அந்நாட்டின் அதிகாரப் போட்டிக்குள் இழுக்கப்பட்டுப் பார்வையாளரைப் பிடித்துவிட வேண்டும். நடு இரவுகள் ஒவ்வொன்றும் நாளை இரவு திரும்பி வரச் செய்யும் ஒரு கேள்வியோடு நிற்க வேண்டும். கடைசி மூன்று மணி நேரம் எல்லாக் கணக்கையும் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் ஆறாவது இரவு கிடையாது.

கதைசொல்லும் முறையும் இதற்கு ஏற்ப அமைந்தது. முழுக் கதையும் பிளாக்தார்னின் பார்வையில் செல்கிறது. ஜப்பானிய வசனங்கள் பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படவில்லை. தேவையான இடங்களில் ஆர்சன் வெல்ஸின் கதைசொல்லிக் குரல் விளக்குகிறது. முடிவைப் பார்த்தால் அந்தக் குரலின் பயன் புரியும். நாவல் செகிகஹாரா போருக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தோக்குகாவா இயேயாசுவை மாதிரியாகக் கொண்ட தொரனாகா 1600ஆம் ஆண்டின் அந்தப் போரில் வெல்வதை நூல் ஒரு சிறு பின்னுரையில் சொல்கிறது. மினி சீரிஸும் போரைப் படமாக்கவில்லை. போரில் தொரனாகா வென்றார், ஷோகன் ஆனார் என்று கதைசொல்லி அறிவித்துவிடுகிறார். வரலாற்றில் என்ன நடந்தது என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வருவதற்கு எதுவும் மிச்சமில்லை. மூலநூலும் நாட்காட்டியும் ஒரே இடத்தில் நிற்கும்போது மினி சீரிஸ் முடிகிறது.

இந்த வடிவத்தின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. ஐந்து இரவுக்குள் பெரிய நூலை அடக்கும்போது நடுப்பகுதி மெலியும். கடைசி இரவில் கதைசொல்லியோ எழுத்து அட்டையோ வந்து "பிறகு இப்படி நடந்தது" என்று விவரிக்கத் தொடங்கினால், திட்டத்துக்கு நேரம் போதவில்லையா, வேண்டுமென்றே செய்ததா என்று கேட்க வேண்டும். 'ஷோகன்' வேண்டுமென்றே செய்தது என்றே கருதுகிறேன். நாவலே அப்படித்தான் முடிகிறது.

4. லிமிடெட் சீரிஸ்: வாக்குறுதி தரும் முடிவு

2024இல் ரேச்சல் கோண்டோவும் ஜஸ்டின் மார்க்ஸும் எஃப்.எக்ஸ். நிறுவனத்துக்காக அதே நாவலைப் பத்து அத்தியாயங்களில் எடுத்தார்கள். முதல் இரண்டு அத்தியாயங்கள் பிப்ரவரி 27 அன்று வந்தன. பிறகு வாரம் ஒன்றாக ஏப்ரல் 23 வரை ஓடியது. லிமிடெட் சீரிஸ் என்று அறிவிக்கப்பட்டதால் நாவல் முழுவதையும் இந்தப் பத்துக்குள் செலவழித்தார்கள். அடுத்த சீசனுக்கென்று எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.

வழக்கமான அமெரிக்கத் தொடரில் முதன்மை நடிகர்கள் தொடக்கத்திலேயே பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். தொடரை நீட்டிக்கும் உரிமை நிறுவனத்திடம் இருக்கும். லிமிடெட் சீரிஸில் ஒப்பந்தம் பொதுவாக ஒரே சுற்றுக்குத்தான். அதனால்தான் பல ஆண்டுகள் கட்டுண்டு கிடக்க விரும்பாத திரைப்பட நட்சத்திரங்கள் இங்கே வருகிறார்கள். எழுத்தாளருக்கும் இதில் விடுதலை உண்டு; எந்தப் பாத்திரத்தையும் கொல்லலாம். 'ஷோகன்' ஒன்பதாவது அத்தியாயத்தில் மாரிகோ இறக்கிறாள். தொடரின் ஆன்மாவாக இருந்த பாத்திரத்தை இறுதிக்கு ஓர் அத்தியாயம் முன்பே இழக்கும் துணிவு, அடுத்த ஆண்டும் அவளை வைத்து விளம்பரம் செய்ய வேண்டிய தொடருக்கு எளிதில் வராது.

பத்தாவது அத்தியாயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பல அத்தியாயங்களாக "கிரிம்சன் ஸ்கை" என்ற பெயரில் ஒசாகா மீது பெரும் படையெடுப்பு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு வளர்க்கப்பட்டது. படை போகவேயில்லை. ஒரு படையால் முடியாததைச் செய்ய மாரிகோ ஒருத்தியைத்தான் அனுப்பினேன் என்பதைத் தொரனாகா, செப்புக்கு செய்துகொள்ளப்போகும் யாபுஷிகேயிடம் கடலோரப் பாறையில் நின்று சொல்கிறார். வரவிருக்கும் செகிகஹாரா, எதிரெதிரே நிற்கும் படைகளின் சிறு காட்சியாக மட்டும் வந்துபோகிறது, போர் நடக்கவில்லை. 1980இல் கதைசொல்லி செய்த வேலையை இங்கே இரண்டு மனிதரின் உரையாடல் செய்கிறது.

பிளாக்தார்னின் முடிவும் அப்படியே. அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்தில் முதியவராக, மாரிகோவின் சிலுவையைக் கையில் பற்றியபடி படுத்திருக்கும் காட்சிகள் வருகின்றன. அது எதிர்காலம் என்று நாம் நம்புகிறோம். பிறகு ஃபுஜி என்ற பெண்ணோடு படகில் செல்லும்போது, அவள் தன் கணவனின், குழந்தையின் சாம்பலைக் கரைக்க, அவர் சிலுவையைக் கடலில் விட்டுவிடுகிறார். கையில் சிலுவை இல்லையென்றால் அந்த முதுமையும் இல்லை. அவர் ஊர் திரும்பப்போவதில்லை. ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் ஒரு வாழ்வின் திசையை மூடிவிட்ட இந்த இடம், முடிவைத் தெரிந்துகொண்டே எழுதத் தொடங்கியவர்களால் மட்டுமே செய்யக்கூடியது.

பிறகு நடந்ததுதான் இந்த வடிவத்தின் இயல்பைக் காட்டிக்கொடுக்கிறது. 2024 மே மாதம், எம்மி தகுதிக் காலம் முடியுமுன், மேலும் சீசன்களை உருவாக்கத் திட்டமிருப்பதாக அறிவிப்பு வந்தது. தொடர் லிமிடெட் பிரிவிலிருந்து நாடகத் தொடர் பிரிவுக்கு மாறியது. செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடர் விருது உட்பட 18 எம்மிகளைப் பெற்றது. எழுத்தில் ஒரு சொல் மாறவில்லை. படமாக்கிய ஒரு சட்டகமும் மாறவில்லை. வடிவத்தின் பெயர் மட்டும் பின்னோக்கி மாறியது. ஆக, லிமிடெட் சீரிஸின் முடிவு ஒரு வாக்குறுதி. அதைத் தந்த நிறுவனமே அதைத் திரும்பப் பெறலாம்.

திரும்பப் பெறும்போது என்ன ஆகும் என்பதற்கு 'பிக் லிட்டில் லைஸ்' தெளிவான சான்று. லியான் மோரியார்ட்டியின் நாவலை எச்.பி.ஓ. 2017இல் ஏழு அத்தியாயங்களில் முடித்து, லிமிடெட் சீரிஸுக்கான எம்மியைப் பெற்றது. அந்த ஆண்டின் இறுதியிலேயே இரண்டாம் சீசன் அறிவிக்கப்பட்டு 2019இல் வந்தது. கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நாவலில் பெரி என்பவனைத் தள்ளிவிட்டுக் கொன்ற பானி என்ற பெண் தன் செயலைக் காவல்துறையிடம் ஒப்புக்கொள்கிறாள். அதற்கான தண்டனையும் அவளுக்குக் கிடைக்கிறது. தொடரின் முதல் சீசனோ ஒப்புதலைத் தவிர்த்து, ஐந்து பெண்கள் கடற்கரையில் ஒன்றாக இருக்க, தொலைவிலிருந்து யாரோ அவர்களைக் கண்காணிப்பதோடு நிற்கிறது. அப்போது அது ஒரு முடிவாக நின்றது: பொய்யே அவர்களின் தோழமை. இரண்டாம் சீசன் வந்ததும் அதே காட்சி தீராத கடனாக மாறியது. ஏழு அத்தியாயங்கள் கழித்து ஐவரும் காவல் நிலையத்துக்குள் நுழைகிறார்கள். முதல் சீசன் விட்டுவிட்ட நாவலின் முடிவுக்கு ஒரு முழு சீசன் எடுத்துத் திரும்பி வந்தது போலாயிற்று. இரண்டாம் சீசனில் மெரில் ஸ்ட்ரீப்பின் நடிப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், முதல் சீசனின் கடைசிக் காட்சி தன் பொருளை இழந்தது என்பதே என் கணிப்பு.

இதற்கு எதிர்நிலையில் இருப்பது 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி குயின்ஸ் கேம்பிட்'. ஏழு அத்தியாயங்கள். பெத் ஹார்மன் மாஸ்கோவில் போர்கோவை வென்று, பிறகு பூங்காவில் முதியவர்களோடு சதுரங்கம் ஆட அமர்வதோடு முடிகிறது. பெரும் வரவேற்பு இருந்தும் நீட்டிக்கப்படவில்லை. தொடங்கும்போது எழுப்பிய கேள்வி, அதாவது ஆட்டத்தைப் போதையின் துணையின்றி அவளால் ஆட முடியுமா என்பது, அங்கே தீர்ந்துவிட்டது. வாக்குறுதி காக்கப்பட்டதா என்பதை அறிய இதுவே சோதனை: முதல் அத்தியாயத்தின் கேள்வி கடைசியில் தீர்ந்ததா, அல்லது வேறொரு கேள்விக்கு இடம் பெயர்ந்ததா?

5. ஆந்தாலஜி: சட்டகம் தரும் முடிவு

ஆந்தாலஜியில் கதை முடியும், தொடர் முடியாது. இதில் இரு வகை உண்டு. அத்தியாயம்தோறும் புதுக் கதை என்பது பழைய வகை. ராட் செர்லிங்கின் 'தி ட்விலைட் ஸோன்' 1959 முதல் 1964 வரை 156 அத்தியாயங்கள் வந்தது. கதை, நடிகர், களம் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறின. மாறாமல் இருந்தவை செர்லிங்கின் அறிமுகமும், இறுதியில் உலகம் தலைகீழாகும் அமைப்பும். சீசன்தோறும் புதுக் கதை என்பது புதிய வகை. 2011இல் வந்த 'அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி' அதைப் பரப்பியது. ஒரே வீட்டில் குடியேறிய ஹார்மன் குடும்பத்தின் தாய், தந்தை, மகள் மூவரும் முதல் சீசனுக்குள் இறந்துபோனார்கள். சீசன் முடிந்த பிறகுதான், அடுத்த ஆண்டு வேறு கதை, வேறு களம் என்று ரையன் மர்ஃபி வெளிப்படையாக அறிவித்தார்.

ஆகவே இங்கே திட்டமிட வேண்டியது கதையை மட்டுமல்ல, சட்டகத்தை. அடுத்த சுற்றில் எது மீதமிருக்கும் என்பதை முதல் சுற்றிலேயே தீர்மானிக்க வேண்டும். நோவா ஹாலி உருவாக்கிய 'ஃபார்கோ' இதில் முன்மாதிரி. கோயன் சகோதரர்களின் 1996ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து பெயரையும் பனிநிலத்தையும், இது உண்மைக் கதை என்ற பொய்யான முன்னறிவிப்பையும் எடுத்துக்கொண்டது. 2014இல் வந்த முதல் சீசன் 2006ஆம் ஆண்டில் நடக்கிறது. அதில் உணவகம் நடத்தும் முதியவர் லூ சோல்வர்சன், 1979இல் சூ ஃபால்ஸில் தாம் பார்த்த படுகொலைகளைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அந்தக் குறிப்பு முதல் சீசனின் கதைக்குத் தேவையானது. அச்சுறுத்தலின் கனத்தை உணர்த்துகிறது. இரண்டாம் சீசன் அதே 1979க்குச் சென்று, இளம் லூவாக வேறொரு நடிகரை வைத்து, அந்தக் கதையை முழுதாகச் சொன்னது. முதல் சீசனை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் குறைவதில்லை. இரண்டையும் பார்த்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. ஆந்தாலஜியின் சீசன்களுக்கிடையே இருக்க வேண்டிய உறவு இதுதான்.

அந்த உறவு இறுகினால் வடிவம் மாறிவிடும். மைக் வைட்டின் 'தி வைட் லோட்டஸ்' 2021இல் ஆறு அத்தியாய லிமிடெட் சீரிஸாக ஹவாயில் தொடங்கியது. பிறகு சிசிலி, தாய்லாந்து என்று இடம் மாறியது. முதல் சீசன் லிமிடெட் அல்லது ஆந்தாலஜி பிரிவில் எம்மி வென்றது. இரண்டாம் சீசனில் டான்யா என்ற பாத்திரம் திரும்பி வந்ததால், அது நாடகத் தொடர் பிரிவுக்குப் போயிற்று. ஒரு பாத்திரம் தன் கடந்த காலத்தோடு வந்துவிட்டால், அவள் முடிவு முந்தைய சீசனில் கிடைக்கவில்லை என்றாகிறது. சட்டகம் நெகிழ்ந்தால் நேரும் கேடு வேறு. 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசனை ஓர் எழுத்தாளர், ஓர் இயக்குநர் என்று நிதானமாக உருவாக்கியது. அடுத்த ஆண்டே பல இயக்குநர்களோடு வந்த இரண்டாம் சீசனில் பெயரைத் தவிரப் பொதுவாக எது நிற்கிறது என்பது பார்வையாளருக்குப் புலப்படவில்லை.

சட்டகமே எண்ணிக்கையைத் தரும் ஆந்தாலஜிகளும் உண்டு. மணிரத்னமும் ஜெயேந்திராவும் தயாரித்த 'நவரசா' 2021இல் ஒன்பது கதைகளோடு வந்தது. ரசம் ஒன்பது என்பதால் பத்தாவது கதைக்கு இடமே இல்லை. 2023இல் வந்த 'மாடர்ன் லவ் சென்னை' ஆறு கதைகளைக் கொண்டது. அதன் சட்டகம் நியூயார்க் டைம்ஸ் பத்தியிலிருந்து வந்த திறந்த சட்டகம்; ஆறுக்குப் பிறகு ஏழும் வரலாம், வராமலும் போகலாம். தமிழில் இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் விமர்சித்தோம். முன்னதில் கேட்க வேண்டியது, ஒன்பதும் சேர்ந்து ஒரு முழுமை ஆனதா என்பது. பின்னதில் ஒவ்வொரு கதையும் தனித்தே நிற்க வேண்டும்.

6. முடிவுரை

மூன்று வடிவங்களும் முடிவை மூன்று இடங்களில் வைக்கின்றன. மினி சீரிஸில் அது மூலநூலிலும் ஒளிபரப்பு நாட்களிலும் இருக்கிறது. படைப்பாளி நினைத்தாலும் நீட்ட முடியாது. லிமிடெட் சீரிஸில் அது ஒப்பந்தத்திலும் வாக்குறுதியிலும் இருக்கிறது. வெற்றியே அதை முறிக்கும் ஆபத்து. ஆந்தாலஜியில் கதையின் முடிவும் தொடரின் முடிவும் தனித்தனியானவை. சட்டகம் தீர்ந்தால்தான் தொடர் தீரும்.

இன்று லிமிடெட் சீரிஸ் என்ற பெயரை நிறுவனங்கள் ஒரு விளம்பரச் சொல்லாக வைத்துக்கொண்டு, வெற்றி வந்ததும் கைவிடுகின்றன. 'ஷோகன்' முதல் பத்து அத்தியாயங்கள் தம் முடிவை நேர்மையாகச் சம்பாதித்தவை. அடுத்து வரும் சீசன் கதையைப் பத்தாண்டுகள் கழித்துத் தொடர்ந்தாலும், அந்த முடிவை முடிவாகவே மதிப்பிட வேண்டும். விமர்சகர்கள் ஒரு தொடரைப் பற்றி எழுதும்போது, அறிவிக்கப்பட்ட பெயரை அப்படியே எடுத்தாளாமல், எழுதத் தொடங்கும்போது முடிவு உறுதியாகியிருந்ததா, யாரால் உறுதியாகியிருந்தது என்பதை முதலில் கேட்டு எழுத வேண்டும்.